வீட்ல உக்காந்தபடியே புடவை குச்சம், ஃபால்ஸ் வேலை: ஆரம்பத்துல இருந்து காசு கைக்கு வர்ற வரைக்கும்

எனக்கு இடுப்புக்கு கீழ உணர்ச்சி கிடையாது, முதுகுத்தண்டுல அடி பட்டு வீல்சேர்ல உக்காந்து பத்து வருஷம் ஆகப்போகுது. கும்பகோணத்துல இருக்கேன், அஞ்சு வருஷமா புடவை முந்தி ஓரத்துல குச்சம் கட்டுறதும், கீழ் பார்டருக்கு உள்பக்கம் ஃபால்ஸ் துணி தைக்கிறதும்தான் என் வருமானம். நம்மள மாதிரி இருக்கவங்க "வீட்ல உக்காந்து என்ன பண்ணலாம்"னு கேட்டா பத்து ஐடியா சொல்லிட்டு போயிடுவாங்க, ஒன்னையாவது முழுசா சொல்ல மாட்டாங்க, அதனால எனக்கு தெரிஞ்ச இந்த ஒரு வேலைய மட்டும் முழுசா எழுதுறேன். ரெண்டு கையும் விரலும் நல்லா இருந்து, கால் இல்லன்னாலும் நடக்க முடியலன்னாலும் இந்த வேலை செய்யலாம். விரல்ல பலம் குறைவா இருக்கவங்களுக்கு இது சரிப்பட்டு வராது, ஊசி பிடிச்சே இருக்கணும்.

முதல்ல ஒரு எச்சரிக்கை சொல்லிடுறேன். டேட்டா என்ட்ரி, டைப்பிங் வேலைன்னு முன்பணம் கேக்குறவங்க, "மெஷின் எங்ககிட்ட வாங்குங்க, செஞ்ச பொருள நாங்களே திருப்பி வாங்கிக்கிறோம்"னு சொல்றவங்க, இவங்கள்லாம் குறி வைக்கிறதே வீட்டோட இருக்கவங்களத்தான். வேலை குடுக்குறவங்கதான் நமக்கு காசு தரணும், நாம அவங்களுக்கு தரக்கூடாது. கட்டிட்டு ஏமாந்துட்டா வெக்கப்பட்டுட்டு உக்காராம உடனே 1930க்கு போன் போடுங்க, அது சைபர் குற்றத்துக்கான நம்பர், எவ்ளோ சீக்கிரம் சொல்றோமோ அவ்ளோ நல்லது.

முதலீடு காசு இல்ல, உக்கார்ற நேரம்

எனக்கு இது புரியறதுக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. மத்தவங்க ஆர்டர் நிறைய வந்தா ராத்திரி கண் முழிச்சு முடிப்பாங்க, நம்மளால முடியாது. நான் முதல் கல்யாண சீசன்ல ஒரு நாளைக்கு ஒம்பது மணி நேரம் உக்காந்து தச்சேன், பின்பக்கம் வால் எலும்பு பக்கத்துல ஒரு ரூபா காசு அளவுக்கு புண்ணு, வலியே தெரியல, அம்மா பாத்துதான் சொன்னாங்க. ஆறினது மூனு மாசம் கழிச்சு. அந்த மூனு மாசமும் குப்புற படுத்தபடிதான், வருமானம் பூஜ்யம், சம்பாதிச்சதும் மருந்துக்கு போச்சு.

அதனால வேலை கத்துக்கறதுக்கு முன்னாடி உங்க உக்கார்ற நேரத்த கண்டுபிடிங்க. உணர்ச்சி இல்லாதவங்க 15லருந்து 30 நிமிஷத்துக்கு ஒருதடவ எடைய மாத்தணும், ரெண்டு கையையும் ஊனி பின்பக்கத்த தூக்கலாம், இல்லன்னா முன்னாடி மேஜை மேல நல்லா சாஞ்சு ஒன்னு ரெண்டு நிமிஷம் இருக்கலாம். சாயறதுதான் எனக்கு சுலபம், தூக்கிட்டே இருந்தா தோள்பட்டை போயிடும். போன்ல 20 நிமிஷத்துக்கு அலாரம் வெச்சுக்குங்க, வேலை சூட்டுல மறந்து போகும். நடுவுல ஓட்டை இருக்க ரப்பர் வளையத்து மேல உக்காராதீங்க, அது சுத்தி இருக்க சதைய அழுத்தி ரத்த ஓட்டத்த கெடுக்கும், டாக்டர்கிட்டயோ பிசியோகிட்டயோ கேட்டு சரியான குஷன் வாங்குங்க. ராத்திரி படுத்ததும் கண்ணாடி வெச்சோ யாரையாவது விட்டோ பாக்கணும். செவந்திருந்து, அரைமணி நேரம் அந்த இடத்துல பாரம் இல்லாம படுத்தும் செவப்பு போகலன்னா மறுநாள் உக்காரக்கூடாது, ஆர்டர் எவ்ளோ அவசரமா இருந்தாலும் சரி. கறுப்பு நிறம் உள்ளவங்களுக்கு செவப்பு தெரியாது, அந்த எடம் சூடா இருக்கா, கெட்டியா இருக்கான்னு தொட்டு பாக்கணும்.

இப்படி ரெண்டு வாரம் பாத்தா ஒரு நாளைக்கு எத்தன மணி நேரம் வேலைக்குன்னு ஒரு கணக்கு கிடைக்கும். எனக்கு நாலு மணி நேரம், காலைல ரெண்டு, மதியம் படுத்து எழுந்து சாயங்காலம் ரெண்டு. போலியோல கால் போனவங்களுக்கு உணர்ச்சி இருக்கும், அவங்களுக்கு இன்னும் கூட நேரம் வரலாம், ஆனா முதுகு வளைவு இருந்தா பாத்துக்கணும்.

உக்கார்ற இடம்

மேஜை உங்க முழங்கை உயரத்துக்கு இருக்கணும், வீல்சேர் கைப்பிடி உள்ள போற அளவுக்கு அடியில இடம் வேணும். கழுத்த குனிஞ்சு மடியில வெச்சு வேலை பாத்தா ஒரு மாசத்துல கழுத்துவலி வந்துடும். நான் ஒரு பழைய வரைபட பலகைய மேஜை மேல சாய்வா வெச்சு, புடவையோட முந்தி ஓரத்த அதுல பேப்பர் கிளிப் போட்டு பிடிச்சுக்குவேன், கிளிப்புக்கும் புடவைக்கும் நடுவுல துணி வெக்கணும், இல்லன்னா பட்டுல அச்சு விழும். மீதி அஞ்சு மீட்டர் புடவையும் பழைய வேட்டியில மூட்டையா சுத்தி மேஜை மேலயே இருக்கணும், கீழ தொங்கினா வீல்சேர் சக்கரத்துல மாட்டும். ஒரு தடவ எனக்கு மாட்டுச்சு, நல்ல காலம் அது என் சொந்த புடவை.

ஊசி விஷயத்துல ரொம்ப கவனம். உணர்ச்சி இல்லாதவங்க ஊசி மேல உக்காந்தா கூட தெரியாது. மூனு ஊசிதான் வெளிய எடுக்கணும், வேலை முடிஞ்சதும் மூனையும் எண்ணி காந்தத்துல ஒட்டணும், ஒன்னு குறைஞ்சா கிடைக்கிற வரைக்கும் இடத்த விட்டு நகரக்கூடாது. அதே மாதிரி நூல் முனைய ஊதுபத்தில கருக்குறது, மடியில அயர்ன் பாக்ஸ் வெக்கிறது ரெண்டும் வேண்டாம், தொடையில சுட்டா சாயங்காலம்தான் கொப்புளம் தெரியும்.

குச்சம் கட்டுறது

வாங்க வேண்டியது கொஞ்சம்தான்: சில்க் த்ரெட் ரீல் ஒரு பத்து கலர், தங்கக்கலர் ஜரி நூல் ஒன்னு, பெரிய காது உள்ள ஊசி, சின்ன கூர் கத்தரி, துணி அளவு டேப், கெட்டி அட்டை, துணிக்கான பசை. எனக்கு எல்லாம் சேர்ந்து ஆயிரம் ரூபாய்க்குள்ள முடிஞ்சுது. புடவை வரும்போது அந்தந்த கலர வாங்கிக்கலாம், முன்கூட்டியே அம்பது கலர் வாங்கி வெக்காதீங்க.

முதல்ல முந்தி ஓரம் பாருங்க. பிரிஞ்சு போற ஓரமா இருந்தா கால் அங்குலம் மடிச்சு கைத்தையல் போடணும், இல்லன்னா மெஷின்ல ஓரம் அடிச்சு குடுக்குற பீகோ கடைக்கு அனுப்பி வாங்கணும், இத விட்டுட்டு குச்சம் கட்டினா குச்சத்தோட பாரத்துல ஓரமே உருவிட்டு வரும். அப்பறம் முந்தி அகலத்த டேப்ல அளங்க, பெரும்பாலும் 46 அங்குலம் கிட்ட வரும். முக்கால் அங்குலத்துக்கு ஒரு குச்சம்னு வெச்சா 62 குச்சம். அந்த இடத்துல குண்டூசியோ வெள்ளை சாக்கோ வெச்சு குறிக்கணும், பேனா மட்டும் வேண்டவே வேண்டாம், பட்டுல மை போகாது.

ரெண்டரை அங்குல அகல அட்டையில நூல 12 சுத்து சுத்தி ஒரு பக்கம் மட்டும் வெட்டுங்க, அஞ்சு அங்குல நீளத்துல 12 நூல் கிடைக்கும். அத ஊசில கோர்த்து குறிச்ச இடத்துல ஓரத்துக்கு கொஞ்சம் மேல குத்தி பாதி வரைக்கும் இழுங்க, ரெண்டு பக்கமும் சமமா தொங்கும், இப்ப கையில 24 நூல். ஓரத்துக்கு கீழ ஒரு கால் அங்குலம் விட்டு ஜரி நூலால ஆறு சுத்து இறுக்கி சுத்தி முடிச்சு போட்டு, முனைய ஊசில குச்சத்துக்கு உள்ளயே நுழைச்சு மறைக்கணும். முடிச்சு மேல பசை ஒரு புள்ளி, அது புடவைல படக்கூடாது, குண்டூசி முனையால வெச்சா சரியா வரும். 62ம் கட்டினப்பறம்தான் கீழ வெட்டணும், ஒவ்வொன்னா வெட்டினா நீளம் ஏறி இறங்கி அசிங்கமா இருக்கும். ரீல்ல சுத்தி இருந்ததால நூல் சுருண்டு நிக்கும், மேல பருத்தித் துணி போட்டு லேசான சூட்டுல ஒரு தடவ தேய்ச்சா நேராகும், அத மேஜை மேல வெச்சு பண்ணுங்க, இல்ல வீட்ல யாரையாவது பண்ண சொல்லுங்க, அப்பறம் அட்டைய ஸ்கேல் மாதிரி வெச்சு ஒரே நீளமா வெட்டிடலாம்.

எதுல தப்பு வரும்னா, மூனு இடம். ஒன்னு, சாயம். கருஞ்சிவப்பு, பச்சை, நாவப்பழ கலர் நூல்ல சிலது தண்ணி பட்டா சாயம் விடும், ஒரு துண்டு நூல நனைச்சு வெள்ளத்துணி நடுவுல அழுத்தி பாத்துட்டுதான் கட்டணும். ரெண்டு, ஓரத்துக்கு ரொம்ப கிட்ட குத்துறது, இழை ரெண்டே பிடிச்சிருந்தா ரெண்டு தடவ கட்டினதும் குச்சம் கையோட வரும். கட்டி முடிச்சதும் ஒவ்வொரு குச்சத்தையும் லேசா இழுத்து பாருங்க, துளை நீளமா விரிஞ்சா அந்த இடம் பலமில்லன்னு அர்த்தம். மூனு, ஜரி சுத்து தளர்றது, அது பழகப்பழக சரியாகும். முதல் ரெண்டு முழு வரிசையும் பழைய துப்பட்டால கட்டி, அத தண்ணில அலசி காயவெச்சு எத்தன குச்சம் நிக்குதுன்னு பாத்துட்டுதான் அடுத்தவங்க புடவைய தொடணும்.

ஃபால்ஸ்

இது சுலபம், ஆனா கெட்டபேரு வாங்குறதும் இதுலதான். ஃபால்ஸ் துணிய ராத்திரி பூரா தண்ணில ஊறவெச்சு காயவெச்சு தேய்ச்சுக்கணும், அப்படியே தச்சா முதல் துவையல்ல சுருங்கி பார்டர இழுத்து அலையலையா ஆக்கிடும். எந்த ஓரம் கீழ வரும்னு குழம்பும், ரெண்டு பார்டரும் ஒரே மாதிரி இருந்தா ரொம்பவே. புடவையோட நல்ல பக்கம் மேல இருக்க மாதிரி மேஜைல விரிங்க, முந்தி உங்க வலது கை பக்கம் இருக்கட்டும், இப்ப உங்க வயித்துப்பக்கம் இருக்க பார்டர்தான் கட்டும்போது கீழ வரும். அதோட உள்பக்கத்துல, முந்திக்கு எதிர் முனையில ஒரு சாண் விட்டு ஆரம்பிச்சு ரெண்டரை மீட்டர் தைக்கணும். மேல்பக்கம் தைக்கும்போது ஊசி புடவையில ஒரு இழை ரெண்டு இழைதான் பிடிக்கணும், வெளில தையல் தெரியக்கூடாது. ரவிக்கைத்துணி புடவையோடயே சேந்து வந்திருந்தா அத வெட்டிட்டாங்களான்னு கேட்டுட்டு ஆரம்பிங்க.

தையல் மெஷின் வேணும்னு ஆசைப்படுறவங்களுக்கு: மோட்டார் மெஷினோட மிதிய மேஜை மேல வெச்சு முழங்கையால அழுத்தி ஓட்டலாம், பட்டன்லயே ஓட்டம் நிறுத்தம் உள்ள மாடலும் இருக்கு, அதுக்கு மிதியே வேண்டாம். தமிழ்நாட்டுல மாற்றுத்திறனாளிகளுக்கு மோட்டார் பொருத்திய தையல் மெஷின் இலவசமா குடுக்குற திட்டம் இருக்கு, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல விண்ணப்பம் குடுக்கணும், அடையாள அட்டையும் யூடிஐடி கார்டும் எடுத்து வெச்சுக்குங்க. கைக்கு வர நாளாகலாம், அதுக்காக காத்திருக்காம கைவேலைய ஆரம்பிச்சுடுங்க, கடன் வாங்கி மெஷின் வாங்க வேண்டாம்.

விலை போடுறது, என் கணக்கோட

எங்க ஊர்ல நான் வாங்குறதுதான் சொல்றேன், உங்க ஊர்ல ரெண்டு மூனு டெய்லர்கிட்ட கேட்டு மாத்திக்குங்க. சாதா குச்சம் 350 ரூபாய், நூல் ஜரி செலவு 60, ரெண்டரை மணி நேரம் ஆகும். அப்போ மணிக்கு 116 ரூபாய். பாசிமணி வெச்சு கொக்கி ஊசில பின்னுற குரோஷா குச்சம் 900 வாங்குறேன், பொருள் 180, ஒம்பது மணி நேரம் ஆகுது, மணிக்கு 80 ரூபாய்தான். ஃபால்ஸ் 100, துணி 30, அம்பது நிமிஷம், மணிக்கு 84. பெரிய விலை வர்ற குரோஷா வேலைதான் லாபம்னு நான் ரொம்ப நாள் நெனச்சுட்டு இருந்தேன், உக்கார்ற நேரத்தால வகுத்து பாத்தப்பறம்தான் அதுலதான் கம்மியா கிடைக்குதுன்னு தெரிஞ்சுது. நமக்கு மணி நேரம்தான் அளவா இருக்கு, அதனால எந்த டிசைனையும் இப்படி வகுத்து பாத்துட்டுதான் ஒத்துக்கணும்.

ஒரு நல்ல மாசத்துல 22 நாள் வேலை, நாளுக்கு நாலு மணி நேரம், மொத்தம் 88 மணி. அதுல 20 சாதா குச்சம் 50 மணி நேரம், 5,800 ரூபாய். ஃபால்ஸ் 24, அது 20 மணி நேரம், 1,680 ரூபாய். குரோஷா ரெண்டு, 18 மணி நேரம், 1,440. கூட்டினா 8,920. புடவை கொண்டுவர கொண்டுபோக ஆட்டோவுக்கும் போனுக்கும் ஒரு 700 போச்சுன்னா 8,220 கையில நிக்கும். ஃபால்ஸ்ல லாபம் கம்மின்னு விட்டுட முடியாது, புது ஆளுங்க முதல்ல ஃபால்ஸ்க்குத்தான் வருவாங்க, அப்பறம்தான் குச்சம் கேப்பாங்க.

ஆர்டர் எடுக்கறது

முதல் ஆர்டர் பக்கத்துல இருக்க லேடீஸ் டெய்லர்கிட்ட இருந்துதான் வரும். அவங்க வாடிக்கையாளர்கிட்ட முழு ரேட்டு வாங்கி நமக்கு பாதிக்கு கிட்ட குடுப்பாங்க, நூல் அவங்களே தருவாங்க, அலைச்சல் இல்ல. ஆரம்பத்துல மூனு மாசம் இப்படி பண்ணுங்க, கை வேகமாகும். நான் பழகின அக்கா கூட முதல்ல "உன்னால நேரத்துக்கு குடுக்க முடியுமாடி"ன்னு கேட்டாங்க, நான் "வாரத்துக்கு அஞ்சு மட்டும் குடுங்கக்கா, ஆறாவது வாங்க மாட்டேன்"னு சொன்னேன், அந்த அளவ மீறாததாலதான் இன்னிக்கு வரைக்கும் குடுக்குறாங்க. அப்பறம் தெரு, சொந்தக்காரங்க, வாட்ஸாப் ஸ்டேட்டஸ்ல முடிஞ்ச வேலைய ஜன்னல் வெளிச்சத்துல போட்டோ எடுத்து போடுறது, இதுலயே போதுமான அளவு வரும்.

புடவை கைக்கு வந்ததும் குடுத்தவங்க முன்னாடியே விரிச்சு போட்டோ எடுங்க. கறை, இழை இழுத்தது, ஜரி கறுத்தது எல்லாத்தையும் காமிச்சு நோட்டுல எழுதுங்க, பேர், தேதி, எப்ப வேணும், என்ன கலர் நூல். ஒரு துணித்துண்டுல பேர் எழுதி புடவைல ஊக்கு போடாம நூலால கட்டி வெக்கணும். ரொம்ப விலையுள்ள முகூர்த்தப் பட்டு முதல் வருஷத்துல வாங்கவே வேண்டாம், ஒன்னு கெட்டா ஈடு கட்ட முடியாது. பாதி காசு முன்னாடி, மீதி புடவைய கையில குடுக்கறதுக்கு முன்னாடி. "அப்பறம் தரேன்"னு சொந்தக்காரங்க சொன்னாலும் இதுதான், நம்மளால போய் வசூல் பண்ண முடியாது.

தேதி சொல்லும்போது கணக்கு வர்ற நாளோட நாலு நாள் கூட்டி சொல்லுங்க, ஒரு நாள் செவந்து போய் படுத்தே இருக்க வேண்டியிருந்தாலும் வாக்கு தப்பாது. தை, வைகாசி, ஆவணி முகூர்த்த மாசங்கள்ல ஆர்டர் குவியும், அப்பவும் நாலு மணி நேரம்தான், மீதிய பக்கத்துல யாராவது கத்துக்கிட்டவங்க இருந்தா பிரிச்சு குடுங்க. ஆடியும் மார்கழியும் கல்யாண ஆர்டர் இருக்காது, ஆனா ஆடித் தள்ளுபடில புடவை வாங்கினவங்க ஃபால்ஸ்க்கு வருவாங்க. நான் அந்த மாசத்துலதான் பழைய துப்பட்டால புது முடிச்சு கட்டிப் பாப்பேன், எத்தன நிமிஷம் ஆகுதுன்னு கடிகாரம் வெச்சு எழுதி, மணிக்கு நூறு ரூபாய் வரலன்னா அந்த டிசைன போட்டோ கூட எடுக்காம விட்டுடுவேன்.